42 ஸ்லைட்டும் ஏழு நிமிடப் பேச்சும்

கேள்வி:

அன்புள்ள அக்கா, நான் திருகோணமலையில் ஒரு கட்டடப் பொருள் விநியோகக் கம்பனியின் கிளையில் மனிதவளப் பிரிவு உதவியாளராக இருக்கிறேன். ஹெட் ஒஃபிஸ் கொழும்பில். செப்டெம்பர் 1 ஆம் திகதி 14 பேர் புதிதாகச் சேர்கிறார்கள்: விற்பனை, கணக்கு, ஸ்டோர்ஸ், டெலிவரி என்று கலந்து. நான்கு பேருக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும். ஹெட் ஒஃபிஸ் அனுப்பிய அறிமுக ஸ்லைட் 42 இருக்கிறது, எல்லாம் இங்கிலிஷில். "இதை வைச்சே ஒரு வரவேற்புரை எழுதித் தாங்கோ, நான் கதைக்கிறன்" என்று மனேஜர் சொல்லிவிட்டார். அவருக்குச் சிங்களம் ஓரளவு ஓடும். நான் ஸ்லைட் வரிசைப்படியே எழுதினேன். பதினொரு பக்கம் வந்தது. வாசித்துப் பார்த்தால் 40 நிமிடம். எதை வெட்டுவது என்று தெரியவில்லை. வெட்டினால் "ஏன் சொல்லவில்லை" என்று ஹெட் ஒஃபிஸ் கேட்குமோ என்றும் பயம். தலைப்புகளையும் சில ஸ்லைட்களையும் இத்துடன் அனுப்புகிறேன். வழி சொல்லுங்கள்.

ஒரு வாசகி, திருகோணமலை

பதில்:

அன்புத் தங்கச்சி,

அந்தப் பதினொரு பக்கத்தை வெட்டிக் குறைக்கப் பார்க்காதீர்கள். வெட்ட வெட்ட அது சிறிய ஸ்லைட் தொகுப்பாகத்தான் ஆகும், பேச்சாக வராது. அதை எடுத்து வைத்துவிட்டு வெறும் தாளில் தொடங்குங்கள். ஸ்லைட்களை மூலப்பொருளாக மட்டும் பாருங்கள்.

முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுவோம், அது இருக்கும்வரை எந்த வரியையும் விட மனம் வராது. ஹெட் ஒஃபிஸுக்கு வேண்டியது, ஒழுக்க விதிகளும் கணினிப் பாவனை விதிகளும் புதியவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டன என்பதற்கான சாட்சி. மனேஜர் மேடையில் சொன்னது அதற்குச் சாட்சியாகாது. நாளை ஒருவர் "எனக்குத் தெரியாது" என்றால் அவர் கையெழுத்திட்ட தாள்தான் பேசும். ஆகவே விதிகள் உள்ள ஸ்லைட்களை அச்சடித்து, "வாசித்தேன், விளங்கிக்கொண்டேன்" என்று கடைசியில் ஒரு வரி போட்டு, தமிழிலும் சிங்களத்திலும் தயாரித்து, அன்றைக்கே கையெழுத்து வாங்கி ஒவ்வொருவரின் பைலிலும் வையுங்கள். விளங்காத மொழியில் உள்ள தாளில் வாங்கிய கையெழுத்து பிரச்சினை வரும் நாளில் பெரிதாக உதவாது. இது முடிந்தால் மனேஜரின் பேச்சு அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

இனி ஸ்லைட்கள். பவர்பொயின்ட்டில் Slide Sorter பார்வையைத் திறந்தால் 42 உம் சின்னப் படங்களாக ஒரே இடத்தில் தெரியும். அதிலேயே வேலை செய்யுங்கள். சிலர் Outline View க்குப் போய் எழுத்தை மட்டும் பிரதி எடுப்பார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது: தனிப் பெட்டிகளில் போட்ட எழுத்தும் படங்களுக்குள் இருக்கும் எழுத்தும் அங்கே வராது. நீங்கள் அனுப்பிய லீவு ஸ்லைட்டில் முக்கியமான அடிக்குறிப்பே அப்படியொரு தனிப் பெட்டியில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு ஸ்லைட்டையும் பார்த்து ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதை இன்றைக்கு, மனேஜரின் வாயால் கேட்காவிட்டால், முதல் கிழமையில் யாருக்காவது தீங்கோ குழப்பமோ வருமா? "ஆம்" என்றால் பேச்சுக்கு. "வரும், ஆனால் வேறொருவர் சொன்னாலும் போதும்" என்றால் தேநீருக்குப் பிறகு நீங்களோ ஸ்டோர்ஸ் பொறுப்பாளரோ சொல்லலாம். மிச்சமெல்லாம் தாளுக்கு. உங்கள் தலைப்புகளை நான் இப்படிப் பிரித்துப் பார்த்தேன். பணிப்பாளர் சபையின் படங்கள் உள்ள நான்கும் தாளுக்கு. பொருட்கள் பற்றிய ஆறும் தாளுக்குத்தான், அதுவும் விற்பனைக்காரருக்கு மட்டும்; டெலிவரிப் பெடியனுக்குப் பெயின்ட் வகைகள் முதல் நாளில் எதற்கு? கணினியும் ஒழுக்கமும் கையெழுத்துத் தாளுக்குப் போய்விட்டன. பேச்சுக்கென்று என் கையில் மிஞ்சியவை ஐந்தாறு ஸ்லைட்கள்தான்: லீவும் சம்பளமும், பாதுகாப்பு, விழுமியங்களில் ஒன்று, கிளையின் வரலாற்றில் ஒரு வரி.

இவற்றில் லீவு ஸ்லைட்டில்தான் நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் அது பிழையாக இருக்கிறது. ஸ்லைட்டில் உள்ளது வருடாந்த லீவு 14, கெசுவல் லீவு 7, கூட்டினால் 21 நாள். நீங்களும் அதை "உங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் லீவு உண்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏற்கெனவே சில வருடம் வேலை செய்தவருக்கு அது சரி. முன்னால் இருக்கப்போகிற 14 பேரில் ஒருவருக்கும் சரியில்லை.

1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க, கடை மற்றும் அலுவலக ஊழியர் பற்றிய சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். சேர்ந்த அந்த வருடத்தில் வருடாந்த லீவு கிடையாது. அடுத்த வருடம் எத்தனை நாள் என்பது எந்தக் காலாண்டில் சேர்ந்தார் என்பதைப் பொறுத்தது: ஜனவரி முதல் மார்ச் வரை சேர்ந்தவருக்கு 14, ஏப்ரல் முதல் ஜூன் வரை 10, ஜூலை முதல் செப்டெம்பர் வரை 7, ஒக்டோபரிலிருந்து டிசெம்பர் வரை 4. கெசுவல் லீவும் முதல் வருடத்தில் முழு ஏழாகக் கிடைக்காது. இரண்டு மாதம் முடிய ஒரு நாள் என்றுதான் சேரும்.

உங்கள் ஆட்களுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். செப்டெம்பர் 1 இல் சேர்கிறவருக்கு ஒக்டோபர் முடிய ஒரு கெசுவல், டிசெம்பர் முடிய இன்னொன்று. வருடாந்த லீவு இந்த வருடம் பூச்சியம், அடுத்த வருடம் 7. ஸ்லைட் சொல்கிற 21 ஐ நம்பிக்கொண்டு தீபாவளிக்கு நான்கு நாள் லீவு கேட்டு வருகிறவரிடம் நீங்கள் "இல்லை" சொல்ல வேண்டிவரும். அவர் மனதில் நிற்பது "மனேஜர் முதல் நாளே எல்லாருக்கும் முன்னால் சொன்னார், இப்போது மாற்றுகிறார்கள்" என்பதுதான். அவர் பக்கம் நியாயமும் இருக்கும். புதியவர்கள் மூன்றாம் மாதத்தில் முகம் சுளிப்பதற்கு இப்படி வாய் தவறிச் சொன்ன ஒரு எண் காரணமாக இருப்பதைப் பல கம்பனிகளில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று: இந்தச் சட்டம் கடைக்கும் அலுவலகத்துக்கும் உரியது. ஸ்டோர்ஸில் சுமை இறக்குகிறவர்களுக்கும் லொறியில் போகிறவர்களுக்கும் அவர்களுடைய தொழிலுக்குரிய சம்பளச் சபையின் விதிகள் பொருந்தலாம். கம்பனி தானாகவே கூடுதலாகக் கொடுப்பதும் உண்டு. ஆகவே 14 பேருக்கும் ஒரே எண்ணை மேடையிலிருந்து சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பேச்சில் எண்ணே வேண்டாம். நியமனக் கடிதத்தில் உள்ளதே உங்கள் லீவு என்று மனேஜர் சொல்லட்டும். தேநீருக்குப் பிறகு நீங்கள் ஒவ்வொருவரோடும் அவரவர் கடிதத்தைத் திறந்து, லீவுப் பந்தியில் விரலை வைத்துக் காட்டுங்கள். கடிதத்திலேயே 21 என்று பொத்தாம் பொதுவாக இருந்தால் செப்டெம்பர் வருவதற்கு முன் ஹெட் ஒஃபிஸோடு கதைத்துத் தீருங்கள், ஏனென்றால் எழுதிக் கொடுத்ததைப் பிறகு குறைக்க முடியாது.

சம்பள ஸ்லைட்டில் எண்கள் சரி. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 வீதம், கம்பனி 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனி மட்டும் 3 வீதம். ஆனால் ஸ்லைட் அதைப் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போகிறது. கேட்கிறவருக்கு வேண்டியது வேறு: முதல் சம்பளத்தில் ஏன் காசு குறைகிறது? 50,000 ரூபாய் என்று பேசிச் சேர்ந்தவர், வீட்டிலும் அந்தத் தொகையைத்தான் சொல்லியிருப்பார். கையில் 46,000 வரும்போது யாரோ வெட்டிவிட்டதாக நினைப்பார். அந்த 4,000 அவருடைய பேரிலேயே போகிறது, அதோடு கம்பனி 6,000 போடுகிறது என்று மாதம் முடியும் முன்பே மனேஜரின் வாயால் கேட்டிருந்தால் அந்தச் சந்தேகம் எழாது. இது பேச்சுக்குள் வர வேண்டிய விஷயம். நம்பிக்கை நிதியின் 3 வீதம் அவருடைய சம்பளத் துண்டில் குறையாது, ஆகவே அது தாளில் இருந்தால் போதும்.

விழுமியங்கள் ஐந்து இருக்கின்றன: நேர்மை, வாடிக்கையாளர் முதன்மை, குழுப்பணி, புத்தாக்கம், சிறப்பு. ஐந்தையும் மனேஜர் வரிசையாகச் சொன்னால் பின்வரிசை ஃபோனைப் பார்க்கத் தொடங்கும். எந்தக் கம்பனியின் சுவரிலும் இதே ஐந்துதான். நீங்கள் செய்ய வேண்டியது, மனேஜரோடு கால்மணித்தியாலம் இருந்து, "இந்த ஐந்தில் ஒன்றுக்காக நாங்கள் காசை விட்ட நாள் ஏதும் இருக்கிறதா" என்று கேட்பது. காசோ நேரமோ வாடிக்கையாளரோ இழந்துதான் ஒரு விழுமியம் உண்மையானதா என்று தெரியும். மாரிமழைக்குள் நனைந்த சீமெந்து, தவறாகப் போன கம்பி, விலையைப் பிழையாகச் சொன்ன பில் என்று உங்கள் தொழிலில் ஏதாவது இல்லாமல் இருக்காது. அவர் சொல்வதில் பெயரை விட்டுவிட்டு நடந்ததை எடுங்கள். அந்தச் சம்பவம் எந்த விழுமியத்துக்குப் பொருந்துகிறதோ அது மட்டும் பேச்சில் இருக்கட்டும், மற்ற நான்கும் தாளில். ஒரு சம்பவமும் அவருக்கு ஞாபகம் வரவில்லை என்றால் விழுமியப் பகுதியை முழுதாக விட்டுவிடுங்கள். சம்பவத்தைக் கற்பனை செய்து எழுதாதீர்கள். ஸ்டோர்ஸில் இருக்கிற பழைய ஆட்கள் மத்தியானச் சாப்பாட்டிலேயே புதியவர்களிடம் "அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை" என்று சொல்லிவிடுவார்கள்.

வரலாறும் அப்படித்தான். கொழும்பில் கம்பனி தொடங்கிய வருடம், பங்குச் சந்தையில் சேர்ந்தது, விருதுகள் என்று மூன்று ஸ்லைட். திருகோணமலையில் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இந்தக் கிளை எப்படி வந்தது என்பதுதான் காதில் ஏறும். உங்கள் கிளையின் பழைய ஸ்டோர்ஸ்காரர் யாரிடமாவது கேளுங்கள். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கும்வரை கிண்ணியாவுக்குப் போக நேர்வழி பாதைப் படகுதான். அந்தக் காலத்தில் சீமெந்து ஏற்றி அந்தப் பக்கம் போன ஆள் ஒருவர் உங்களிடம் இருந்தால், அவர் சொல்லும் ஒரு வரி மூன்று ஸ்லைட்டையும் விட நன்றாக நிற்கும். கிளை அதற்குப் பிறகுதான் வந்தது என்றால் இதை விடுங்கள், "இந்தக் கிளை இத்தனையாம் ஆண்டு இத்தனை பேரோடு தொடங்கியது" என்பது போதும்.

நிர்வாக அமைப்பு வரைபடம் பேச்சில் வேண்டாம். ஆனால் தாளில் போவதற்கு முன் அதிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் நீங்களே தொலைபேசி எடுத்துப் பாருங்கள். ஸ்லைட்டில் எதுவும் பழசாவதென்றால் முதலில் அதுதான் பழசாகும். வேலையை விட்டுப் போனவரின் இலக்கத்தைப் புதியவர் விபத்து நாளில் அழைக்கக் கூடாது.

அடுத்து, யாருடைய வாய்க்கு எழுதுகிறீர்கள் என்பது. உங்கள் பிரதியில் "இந்நன்னாளில் தங்களை எமது நிறுவனக் குடும்பத்திற்கு வரவேற்பதில் பெருமகிழ்வடைகின்றோம்" என்று தொடங்கியிருக்கிறீர்கள். பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு அது அழகு. உங்கள் மனேஜர் அப்படிக் கதைக்கிறவரா? அவர் வாசிக்கத் தொடங்கினதும் குரல் மாறிவிடும், கண் தாளைவிட்டு எழும்பாது. அவரோடு இருக்கும் அந்தக் கால்மணித்தியாலத்தை, அவர் சம்மதித்தால், ஃபோனில் பதிவு செய்யுங்கள். அவர் எப்படி வசனத்தை முடிக்கிறார், எங்கே நிறுத்துகிறார், எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று கேட்டு, அந்த நடையிலேயே எழுதுங்கள். பேச்சுத் தமிழை அப்படியே எழுத்தில் போடக் கூச்சமாக இருக்கும். வாசிக்கப்போகிறவர் அவர் ஒருவர்தான், கேட்கிறவர்களின் கண்ணில் அந்த எழுத்து படாது.

நீளம் ஏழு நிமிடம். என் கணக்கில் நிதானமாகக் கதைக்கிற ஒருவர் நிமிடத்துக்கு 90 தமிழ்ச் சொல்லைத் தாண்டமாட்டார். ஆகவே 600 சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். உங்கள் மனேஜர் வேகமாகவோ மெதுவாகவோ கதைப்பவராக இருந்தால் அந்தப் பதிவில் ஒரு நிமிடத்தை எண்ணிப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு மாதிரி தருகிறேன். இதில் ஊர்களின் எண்ணிக்கையும் மழைச் சம்பவமும் இடத்தை நிரப்ப நான் போட்டவை. அவற்றுக்குப் பதிலாக உங்கள் கிளையின் உண்மையை வையுங்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். ஆயுபோவன். இருங்கோ, இருங்கோ.

நான்தான் இந்தக் கிளைக்கு மனேஜர். லிஸ்ட்டைப் பார்த்தன். கிண்ணியாவிலையிருந்து மூண்டு பேர், மூதூரிலையிருந்து ரெண்டு பேர், கந்தளாயிலையிருந்து நாலு பேர், மிச்ச அஞ்சு பேரும் டவுனும் நிலாவெளிப் பக்கமும். மூதூரிலையிருந்து வாறவை எத்தினை மணிக்கு வெளிக்கிட்டிருப்பீங்கள் எண்டு எனக்குத் தெரியும். நேரத்துக்கு வந்ததுக்கு நன்றி.

இண்டைக்கு உங்களுக்கு நிறையப் பேப்பர் தருவம். எல்லாத்தையும் இண்டைக்கே பாடமாக்கத் தேவையில்லை. நான் மூண்டு விஷயம் சொல்லுறன். அதை மட்டும் வீட்டை கொண்டு போங்கோ.

ஒண்டு, உங்கடை நியமனக் கடிதம். சம்பளம், லீவு, தகுதிகாண் காலம் எல்லாம் அதிலை இருக்கு. வேறை ஆரும் வேறை மாதிரிச் சொன்னால், நான் சொன்னாலும், கடிதத்திலை உள்ளதுதான் சரி. லீவு எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. பக்கத்திலை இருக்கிறவரைக் கேட்காதேங்கோ, கடிதத்தைப் பாருங்கோ. முதல் சம்பளத்திலை நூற்றுக்கு எட்டு ரூபாய் குறைஞ்சு வரும். அதை நாங்கள் எடுக்கிறதில்லை. உங்கடை பேரிலை சேமலாப நிதிக்குப் போகுது. அதோடை கம்பனி பன்னிரண்டு ரூபாய் போடுது.

ரெண்டு, ஸ்டோர்ஸ். உள்ளுக்கை மஞ்சள் கோடு இருக்கு. ஃபோர்க்லிஃப்ட் ஓடேக்கை அந்தக் கோட்டை ஒருத்தரும் தாண்டக் கூடாது. கணக்குப் பகுதிக்கு வந்தவையும்தான். நான் தாண்டினாலும் என்னைக் கத்தி நிப்பாட்டலாம், நான் கோவிக்க மாட்டன்.

மூண்டு, பிழை நடந்தால் அண்டைக்கே சொல்லுங்கோ. போன மார்கழி மழையிலை படங்கு கிழிஞ்சு ஒரு லொறிச் சீமெந்து நனைஞ்சது. கொண்டுபோன பெடியன் இறக்காமல் திருப்பிக் கொண்டு வந்து, பின்னேரமே என்னட்டைச் சொன்னான். கம்பனிக்கு நட்டந்தான். ஆனால் அந்த மூட்டையிலை ஒருத்தர் பிளேட் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? அடுத்த நாள் காலமை அவருக்கு வேறை லோட் போச்சுது. அந்த வீட்டுக்காரர் இண்டைக்கும் எங்களிட்டைத்தான் வாங்கிறார்.

இப்ப தேத்தண்ணி. குடிச்சிட்டு அவரவர் பகுதிப் பொறுப்பாளரோடை போங்கோ. அவை அந்தக் கதவடியிலை நிக்கினம்."

இதில் 190 சொல் அளவில்தான் இருக்கிறது. கிளை வரலாற்றின் ஒரு வரியையும், சிங்களத்தில் சொல்ல வேண்டியதையும் சேர்த்தாலும் ஏழு நிமிடத்துக்குள் நிற்கும். "வரவேற்கிறேன்" என்ற சொல்லே இதில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மூதூர்க்காரர் எத்தனை மணிக்கு வெளிக்கிட்டார் என்று மனேஜருக்குத் தெரிந்திருப்பதே வரவேற்புத்தான்.

சீமெந்துச் சம்பவத்தை நான் தெரிந்தெடுத்ததற்கும் காரணம் சொல்கிறேன். ஈரம் பட்ட சீமெந்து மூட்டைக்குள்ளேயே இறுகத் தொடங்கி, கட்டி பிடித்து, வலுவை இழக்கும். பொடித்துப் போட்டாலும் பழைய வலு திரும்பாது. இது டெலிவரிப் பெடியனுக்கும் கணக்குப் பகுதியில் இருப்பவருக்கும் சொல்லாமலே விளங்குகிற விஷயம், ஏனென்றால் எல்லாருடைய வீட்டிலும் எப்போதோ ஒரு சுவர் எழும்பியிருக்கும். நீங்கள் தேர்கிற சம்பவமும் அப்படி நான்கு பகுதியாருக்கும் ஒரே மாதிரி விளங்க வேண்டும். விற்பனை இலக்கைத் தாண்டிய கதையைத் தேர்ந்தால் ஸ்டோர்ஸ்காரர் வெளியே நிற்பார்.

சிங்களம் மட்டும் தெரிந்த நால்வருக்காக ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு மொழியில் சொல்ல வேண்டாம். நேரம் இரட்டிப்பாகும், இரண்டு பக்கத்தாரும் பாதி நேரம் சும்மா இருப்பார்கள். மூன்று விஷயங்களில் ஒவ்வொன்றும் முடிந்ததும் மனேஜரே அதைச் சிங்களத்தில் இரண்டு மூன்று வசனத்தில் சொல்லட்டும். அவருடைய சிங்களம் இலக்கண சுத்தமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பாதுகாப்பு மட்டும் விதிவிலக்கு. மஞ்சள் கோடு பற்றிய பகுதியைச் சிங்களம் தாய்மொழியாக உள்ள ஒரு சக ஊழியர் முழுதாகச் சொல்ல வேண்டும். அங்கே "ஓரளவு விளங்கியது" என்பது போதாது. தேநீருக்குப் பிறகு அவர்களில் ஒருவரை ஸ்டோர்ஸில் நிறுத்தி, கோடு எங்கே, எப்போது தாண்டக் கூடாது என்று அவரையே சொல்லச் சொல்லிப் பாருங்கள். சரியாகச் சொன்னால் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அன்றைக்கு ப்ரொஜெக்டரை என்ன செய்வது? கம்பனிப் பேர் உள்ள முதல் ஸ்லைட் ஆட்கள் வந்து இருக்கும்வரை திரையில் நிற்கட்டும். மனேஜர் எழும்பினதும் ஸ்லைட் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே B விசையை ஒருதரம் அழுத்துங்கள், திரை கறுப்பாகிவிடும். மறுபடி அழுத்தினால் திரும்ப வரும். திரையில் எழுத்து இருந்தால் எல்லாரும் அதை வாசிப்பார்கள், இங்கிலிஷ் தெரியாதவர் அதையே பார்த்துக்கொண்டு தான் எதையோ தவறவிடுவதாக நினைப்பார். உங்கள் பகுதி வரும்போது வேண்டிய ஸ்லைட்டை மட்டும் காட்டுங்கள். மற்றவற்றை அழிக்காமல் Hide Slide கொடுத்து மறைத்து வைத்தால் ஹெட் ஒஃபிஸின் பைலும் முழுதாக இருக்கும்.

ஒத்திகை ஒன்று கட்டாயம். மனேஜருக்கு நேரமில்லை என்பார். அவர் ஒரேயொரு தடவை சத்தமாக வாசிக்கட்டும், நீங்கள் கையில் பேனையோடு இருங்கள். அவர் தடக்குகிற இடத்தில் பிழை அவருடையதல்ல, உங்கள் வசனத்துடையது; அந்த இடத்திலேயே மாற்றுங்கள். அவர் தாளை விட்டுவிட்டுத் தானாக ஏதாவது சொன்னால், பெரும்பாலும் அது நீங்கள் எழுதியதைவிட நன்றாக இருக்கும். அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் லீவு நாள், சம்பள உயர்வு, நிரந்தரமாக்கும் திகதி பற்றி உற்சாகத்தில் ஏதும் எண் சொல்லத் தொடங்கினால் அங்கேயே மறித்துவிடுங்கள். "ஆறு மாசத்திலை எல்லாரையும் நிரந்தரமாக்குவம்" என்று நல்ல மனதோடு சொல்கிற மனேஜர்கள் இருக்கிறார்கள். தகுதிகாண் காலம் முடிவில் ஒருவரை வைத்துக்கொள்ள முடியாமல் போனால் அந்த வசனத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

பெயர்களைக் கடைசியாகச் சொல்கிறேன், அது சின்ன வேலை. 14 பேரின் பெயரையும் கடிதத்தில் உள்ள இங்கிலிஷ் எழுத்தில் கொடுக்காதீர்கள். அவர்கள் வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படித் தமிழ் எழுத்தில் எழுதி மனேஜரிடம் கொடுங்கள். சந்தேகமானவற்றை முதல் நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஹெட் ஒஃபிஸுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கையெழுத்துத் தாள்கள் 14 உம் பைலில் இருக்கின்றன என்று ஒரு வரி. லீவு ஸ்லைட்டுக்குப் பதிலாக, எந்தக் காலாண்டில் சேர்ந்தால் அடுத்த வருடம் எத்தனை நாள் என்ற நான்கு வரி அட்டவணையைப் போட்டு, திருத்திய ஸ்லைட்டை இணையுங்கள். இதே பைல் மற்றக் கிளைகளுக்கும் போயிருக்கும், அங்கேயும் யாரோ ஒருவர் 21 நாள் என்று எழுதிக்கொண்டிருப்பார்.